தவறான ரெஸ்யூம் போய்விட்டதா? சரியான கோப்பைச் சங்கடமின்றி அனுப்பும் முறை

வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்துடன் வேறு ரெஸ்யூம் இணைந்து போய்விட்டது என்று தெரிய வரும்போது, பலர் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வேறு சிலரோ அந்தப் பதற்றத்திலேயே நீண்டதொரு மன்னிப்புக் கடிதத்தை எழுதி, அதையும் சரிபார்க்காமல் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே விண்ணப்பத்துக்குக் கேடு. விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கும் அலுவலருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தம்மிடம் உள்ள இரண்டு கோப்புகளில் எதைப் படிக்க வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்பது. அதை முதல் இரண்டு வரிகளிலேயே சொல்லிவிடும் கடிதம் யாருக்கும் சங்கடம் தருவதில்லை. மின்னஞ்சலில் அனுப்பிய விண்ணப்பத்தையே முதன்மையாகக் கொண்டு, இதை எப்படிச் செய்வது என்று இங்கே விளக்குகிறேன். இணையதளப் படிவங்களில் எது மாறுகிறது என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

உண்மையில் என்ன போயிருக்கிறது என்று பாருங்கள்

அனுப்பிய மின்னஞ்சல்கள் இருக்கும் Sent பகுதிக்குச் சென்று, அந்த மின்னஞ்சலைத் திறந்து, அதில் உள்ள இணைப்பையே பதிவிறக்கிப் படியுங்கள். உங்கள் கணினியில் அதே பெயரில் இருக்கும் கோப்பைத் திறந்து பார்ப்பது போதாது. ஏனெனில் ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் வெவ்வேறு கோப்புறைகளில் இருப்பதுதான் பல நேரங்களில் இந்தத் தவறுக்கே காரணம். கைபேசியிலிருந்து அனுப்பியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அண்மையில் திறந்த கோப்புகளைத்தான் அது முதலில் காட்டும். அவற்றின் பெயர்களும் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியும்.

படிக்கும்போது மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கோப்பு போயிருக்கிறது, சரியான கோப்பிலிருந்து அது எந்தெந்த இடங்களில் வேறுபடுகிறது, யார் யாருக்குப் போயிருக்கிறது. கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பத்தின் நகல் துறைத் தலைவர் ஒருவருக்கும் போயிருந்தால், திருத்தமும் அவருக்குப் போக வேண்டும். இல்லையெனில் ஒரே அலுவலகத்தில் இருவர் இரண்டு வெவ்வேறு ரெஸ்யூம்களை வைத்துக்கொண்டு உங்களைப் பற்றிப் பேசுவார்கள்.

அனுப்பியதைத் திரும்பப் பெற முயல்வதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஜிமெயிலில் Undo Send வசதி அதிகபட்சம் 30 நொடிகளுக்கே கிடைக்கும். அமைப்பை மாற்றாதவர்களுக்கு 5 நொடிகள்தான். அவுட்லுக்கில் இருக்கும் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் இருப்பவர்களிடையே மட்டுமே செயல்படும். வெளி நிறுவனத்துக்குப் போன விண்ணப்பத்தை அதனால் மீட்க முடியாது.

திருத்தம் தேவையா என்று முடிவு செய்யுங்கள்

எல்லா வேறுபாட்டுக்கும் இரண்டாவது மின்னஞ்சல் தேவையில்லை. ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தாலோ, எழுத்துருவின் அளவு மாறியிருந்தாலோ, பொழுதுபோக்குப் பகுதியில் ஒரு வரி குறைந்திருந்தாலோ அப்படியே விட்டுவிடுங்கள். அத்தகைய திருத்தம், யாரும் பார்த்திருக்காத குறையைத் தேடிக் காட்டும் வேலையாகவே முடியும்.

தேர்வு செய்பவரின் முடிவை மாற்றக்கூடிய தகவல் ஒன்று அந்தக் கோப்பில் தவறாகவோ, பழையதாகவோ, விடுபட்டோ இருந்தால் கட்டாயம் திருத்தம் அனுப்ப வேண்டும் என்பதே என் அளவுகோல். தற்போதைய பணி விடுபட்டிருப்பது, செயல்படாத கைபேசி எண் இருப்பது, வேறு பதவிக்காக எழுதிய அறிமுகப் பத்தி இருப்பது, இன்னொரு நிறுவனத்தின் பெயர் இடம்பெற்றிருப்பது ஆகியவை இதில் அடங்கும். விட்டு விலகிய வேலையை "இன்று வரை" என்று காட்டும் பழைய ரெஸ்யூம் இவற்றுள் மிகவும் கவலைக்குரியது. பின்னர் முந்தைய பணிக்காலத்தைச் சரிபார்க்கும்போது, தேதிகள் பொருந்தாததைக் கவனக்குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. தவறான தகவல் தந்ததாகவே கொள்ளவும் கூடும். அந்த ஒரு காரணத்துக்காகவே, எவ்வளவு நாள் கழித்துத் தெரிய வந்தாலும் அதைத் திருத்திவிட வேண்டும்.

சரியான கோப்பைத் தயார் செய்யுங்கள்

இந்த இடத்தில் ஓர் ஈர்ப்பு தோன்றும்: எப்படியும் மீண்டும் அனுப்பப் போகிறோம், ரெஸ்யூமை இன்னும் கொஞ்சம் மெருகேற்றிவிடலாமே என்று மனம் சொல்லும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். அவசரத்தில் மாற்றி எழுதிய வரிகளில்தான் புதிய பிழைகள் நுழைகின்றன. அதன் பிறகு மூன்றாவது மின்னஞ்சல் அனுப்பும் நிலை வரும். இந்தப் பணிக்கென்று முன்பே நிதானமாகத் தயாரித்து வைத்த கோப்பையே எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, தவறு இருந்தால் அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

பிறகு கோப்பின் பெயரைக் கவனியுங்கள். முதலில் போன கோப்பின் பெயரும் இப்போது போகும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டும் `Resume.pdf` என்றே இருந்தால், அலுவலர் இரண்டாவதைப் பதிவிறக்கும்போது அவருடைய கணினி அதற்கு `Resume (1).pdf` என்று பெயர் வைக்கும். ஒரு வாரம் கழித்து எது சரியானது என்று அவரால் சொல்ல முடியாது. உங்கள் பெயர், பதவி, திருத்தியது என்பதற்கான அடையாளம் ஆகிய மூன்றும் பெயரில் இருந்தால் போதும். `final`, `final2`, `latest` போன்ற சொற்கள் உங்களுக்கே எதையும் உறுதியாகச் சொல்வதில்லை என்பதால், பெறுபவருக்கும் அவை உதவாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு இடம், கோப்பின் உள்ளே பதிந்திருக்கும் தலைப்பு. வேர்டில் தயாரித்த ஆவணத்துக்கு Title என்றொரு தனிப் புலம் உண்டு. File பட்டியில் Info என்ற பகுதியில் அதைக் காணலாம். ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக மாற்றும்போது அந்தத் தலைப்பும் கூடவே போய்விடும். குரோம் போன்ற உலாவியில் அந்தப் பிடிஎஃப் கோப்பைத் திறந்தால், கோப்பின் பெயருக்குப் பதிலாக அந்தத் தலைப்பே மேலே தெரியும். எனவே, ரெஸ்யூமின் உள்ளே நிறுவனத்தின் பெயரை மாற்றி, கோப்புக்கும் புதுப் பெயர் வைத்த பின்னும், திரையின் உச்சியில் பழைய நிறுவனத்தின் பெயர் நின்றுகொண்டிருக்கலாம். திருத்தம் அனுப்பும் ஒருவருக்கு இதைவிடத் தர்மசங்கடமான நிலை வேறில்லை. பிடிஎஃப் கோப்பை உலாவியில் ஒருமுறை திறந்து பார்த்தால் இது உடனே புலப்படும்.

கடிதம்: ஒரு நிகழ்வைக் கொண்டு பார்ப்போம்

கணக்குத் துறையில் பணிபுரியும் பெண் ஒருவர், முதுநிலைக் கணக்கர் பணிக்குக் காலையில் விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். மாலையில் Sent பகுதியைப் பார்க்கும்போது, சில மாதங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்துக்காகத் தயாரித்த ரெஸ்யூம் போயிருப்பதை அவர் காண்கிறார். அதன் அறிமுகப் பத்தியில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் முடித்த தணிக்கைப் பயிற்சி அதில் இல்லை. விண்ணப்பக் கடிதமோ சரியானதுதான். அதில் அந்தத் தணிக்கைப் பயிற்சியைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆகவே கடிதமும் ரெஸ்யூமும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. திருத்தம் தேவை என்பதில் ஐயமில்லை.

அவர் புதிய மின்னஞ்சல் தொடங்காமல், காலையில் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து அதற்கே Reply all மூலம் பதில் எழுதுகிறார். இதனால் இரண்டு மின்னஞ்சல்களும் ஒரே தொடராக அலுவலரின் பெட்டியில் சேரும். பழையதைத் திறப்பவருக்குப் புதியதும் கண்ணில் படும். Forward அழுத்தினால் பழைய இணைப்பு தானாகவே மீண்டும் ஒட்டிக்கொண்டு வரும். தவறான கோப்பு இரண்டாவது முறையாகவும் போய்ச் சேரும். Reply வகைகளில் இணைப்பு கூடவே வருவதில்லை. சில செயலிகளில் Reply மட்டும் அழுத்தினால் பெறுநர் இடத்தில் உங்கள் முகவரியே வந்து நிற்கும் என்பதால்தான் Reply all பாதுகாப்பானது. அதன் பின்னும் பெறுநர் முகவரிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருள் வரியை அவர் மாற்றவில்லை. மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். பணியின் பெயரும் எண்ணும் ஏற்கெனவே அந்த வரியில் இருப்பதால் மாற்றத் தேவையும் இல்லை. கடிதம் இவ்வாறு அமைகிறது:

> மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,
>
> வணக்கம். முதுநிலைக் கணக்கர் பணிக்காக இன்று காலை நான் அனுப்பிய மின்னஞ்சலில், என்னுடைய பழைய ரெஸ்யூம் தவறுதலாக இணைக்கப்பட்டுவிட்டது. இப்பணிக்கான சரியான ரெஸ்யூமை இத்துடன் அனுப்புகிறேன். முன்னர் அனுப்பியதற்குப் பதிலாக இதனையே பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பக் கடிதத்தில் மாற்றம் எதுவும் இல்லை. சிரமத்துக்கு வருந்துகிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கைபேசி எண்)

முதல் வாக்கியமே எந்தப் பணி, எந்த மின்னஞ்சல், என்ன தவறு என்பவற்றைச் சொல்லிவிடுகிறது. "பதிலாக இதனையே பரிசீலிக்குமாறு" என்ற தொடர்தான் கடிதத்தின் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் இரண்டாவது கோப்பைக் கூடுதல் ஆவணம் என்று எண்ணி இரண்டையும் சேர்த்தே வைத்துவிட வாய்ப்புண்டு. விண்ணப்பக் கடிதம் மாறவில்லை என்ற வாக்கியம், அலுவலர் அதையும் மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது. வருத்தம் ஒரே ஒருமுறை, அதுவும் இறுதியில் வருகிறது.

கடிதத்தில் சொல்லாமல் விட்டவையும் கவனத்துக்குரியவை. மற்ற நிறுவனத்தின் பெயரை அவர் எடுக்கவில்லை. பழைய கோப்பைத் திறந்தவர் அதைப் பார்த்திருப்பார். திறக்காதவருக்கு அதை நாமே சொல்ல வேண்டியதில்லை. பின்னர் நேர்காணலில் கேட்டால், அங்கும் விண்ணப்பித்ததாக இயல்பாகச் சொல்லலாம். ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு விண்ணப்பிப்பது எல்லோரும் அறிந்த நடைமுறைதான். இணையத் தொடர்பு சரியில்லை, கணினி பழுது, உடல்நலமில்லை என்பன போன்ற காரணங்களையும் அவர் எழுதவில்லை. உண்மையல்லாத காரணம் எழுதுவது நேர்மையன்று. உண்மையான காரணமும்கூடப் படிப்பவரின் முடிவுக்குத் தேவையற்றது. "இப்படியொரு தவறு செய்ததற்கு வெட்கப்படுகிறேன்", "என்னைத் தவறாக எண்ண வேண்டாம்" போன்ற வாக்கியங்களையும் தவிர்க்க வேண்டும். அவை அலுவலரை ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்துகின்றன. ஒரு கோப்பை மாற்றி வைப்பதோடு முடிய வேண்டிய சிறு விஷயம், உங்கள் இயல்பைப் பற்றிய கேள்வியாக வளர்ந்துவிடுகிறது.

அனுப்பும் வரிசையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். கோப்பை முதலில் இணைத்து, இணைத்ததை மின்னஞ்சலுக்குள்ளிருந்தே திறந்து பார்த்த பிறகு கடிதத்தை எழுதுங்கள். இணைப்பே இல்லாமல் போகும் திருத்தக் கடிதம் அரிதான நிகழ்வன்று. கடிதத்தின் சொற்களில் கவனம் முழுவதும் போய்விடுவதால் அப்படி நேர்கிறது. இரவு வெகுநேரம் கழித்துத் தவறு தெரிந்தாலும், சரிபார்த்து முடித்தவுடன் அனுப்பிவிடலாம். காலையில் பெட்டியைத் திறக்கும் அலுவலர் திருத்தத்தை முதலில் பார்ப்பது உங்களுக்கு நன்மையே.

இணையதளப் படிவத்தில் பதிவேற்றியிருந்தால்

நிறுவனத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் விண்ணப்பித்திருந்தால், முதலில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து அந்த விண்ணப்பத்தைத் திறந்து பாருங்கள். சில தளங்கள் கடைசி நாள் வரை கோப்பை மாற்ற இடம் தருகின்றன. வேறு சில தளங்களில் சமர்ப்பித்த பின் மாற்ற முடியாது; விண்ணப்பத்தை விலக்கிக்கொள்ளும் பொத்தான் மட்டும் இருக்கும். அதை அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. விலக்கிக்கொண்டவர் அதே பணிக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாதபடி அமைந்த தளங்களும் இருக்கின்றன. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று தளத்தின் விளக்கக் குறிப்பில் தெளிவாக இருந்தால் மட்டுமே அந்த வழியில் செல்லுங்கள்.

உங்கள் கணக்கின் சுயவிவரப் பக்கத்தில் ரெஸ்யூமை மாற்றிவிட்டால், ஏற்கெனவே அனுப்பிய விண்ணப்பத்திலும் அது தானாகவே மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். பல தளங்கள் சமர்ப்பித்த நேரத்தில் இருந்த பிரதியையே விண்ணப்பத்துடன் சேர்த்து வைக்கின்றன. லிங்க்ட்இன் வழியாக Easy Apply மூலம் விண்ணப்பித்தவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். முன்பு பதிவேற்றிய ரெஸ்யூம்களை அது பட்டியலாக நினைவில் வைத்திருப்பதால் பழையது தேர்வாகிவிடுவது எளிது. அனுப்பிய பின் அந்த விண்ணப்பத்தைத் திருத்தவும் வழியில்லை.

மாற்ற வழியில்லாத இடங்களில், பணி அறிவிப்பில் உள்ள தொடர்பு முகவரிக்கோ, விண்ணப்பம் கிடைத்ததாக வந்த மின்னஞ்சலில் தொடர்புக்கெனத் தந்திருக்கும் முகவரிக்கோ மேலே கண்ட கடிதத்தையே எழுதலாம். இங்கே விண்ணப்ப எண்ணைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் மின்னஞ்சலில் வந்த கோப்பைத் தளத்தில் உள்ள விண்ணப்பத்தோடு பொருத்துவது கடினம். `noreply` என்று தொடங்கும் முகவரிக்கு எழுதிப் பயனில்லை. அதை யாரும் படிப்பதில்லை.

வேலைவாய்ப்பு ஆலோசகர் ஒருவர் மூலமோ, உள்ளே பணிபுரியும் நண்பர் மூலமோ ரெஸ்யூம் போயிருந்தால், திருத்தமும் அவர் வழியாகவே போகட்டும். நீங்கள் நேரடியாக நிறுவனத்துக்கு எழுதினால், அவர் கொடுத்த கோப்பும் நீங்கள் அனுப்பிய கோப்பும் இரண்டு தனித்தனி விண்ணப்பங்களாகப் பதிவாகிவிடக்கூடும்.

வேறொருவரின் ரெஸ்யூம் போயிருந்தால்

நண்பருக்கோ உறவினருக்கோ ரெஸ்யூம் திருத்திக் கொடுத்தவர்களுக்கு இது நேர்வதுண்டு. இங்கே கேள்வி உங்கள் விண்ணப்பத்தோடு முடிவதில்லை. இன்னொருவரின் முகவரி, கைபேசி எண், பிறந்த தேதி ஆகியவை அவர் அறியாத இடத்துக்குப் போயிருக்கின்றன. ஆகவே கடிதத்தில் ஒரு வாக்கியம் கூடுதலாக வேண்டும்: "முன்னர் இணைக்கப்பட்டது வேறொருவரின் தனிப்பட்ட ஆவணம், அதை நீக்கிவிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்." அந்த நபரின் பெயரையோ, அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதையோ எழுத வேண்டாம். கடிதத்தை அனுப்பிய கையோடு அவரிடமும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். முன்பின் தெரியாத நிறுவனத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தால், அது ஏன் வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சொந்த ரெஸ்யூமிலேயே அடையாள அட்டை எண், வங்கி விவரம் போன்றவை தவறுதலாக இடம்பெற்றுவிட்டாலும், நீக்கக் கோரும் இந்த வாக்கியத்தைச் சற்றே மாற்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.

அனுப்பிய பிறகு

திருத்தம் கிடைத்ததா என்று மறுநாளே தொலைபேசியில் கேட்க வேண்டாம். பதில் வராதது இயல்பே. பெரும்பாலான அலுவலர்கள் கோப்பை மாற்றி வைத்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குச் சென்றுவிடுவார்கள். அறிவிப்பில் சொன்ன கால அளவு கடந்த பின், விண்ணப்ப நிலையைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் மின்னஞ்சலை அதே தொடரில் எழுதினால் போதும். அப்போது திருத்திய ரெஸ்யூமும் தானாகவே அவர் கண்முன் வந்துவிடும். அதைப் பற்றித் தனியே நினைவூட்ட வேண்டியிராது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகுதான் தவறு தெரிய வருகிறது என்றால், வருகையை உறுதி செய்யும் பதிலிலேயே திருத்தத்தைச் சேர்த்துவிடுங்கள். "குறிப்பிட்ட நேரத்துக்கு வருகிறேன். நான் முன்னர் அனுப்பியது பழைய ரெஸ்யூம் என்பதால், தற்போதைய பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். அழைப்பு வந்துவிட்டதால் இனித் திருத்த வேண்டாம் என்று விட்டுவிடுவது சரியன்று. நேர்காணலில் கேள்விகள் அந்த ரெஸ்யூமை வைத்துக்கொண்டுதான் எழும். அன்று சரியான ரெஸ்யூமின் அச்சுப் பிரதிகள் சிலவற்றை எடுத்துச் செல்லுங்கள். உரையாடல் தொடங்கும்போது மேசைமேல் இருப்பது பழைய பிரதி என்று தெரிந்தால், "நான் பின்னர் அனுப்பிய பிரதி இது, தணிக்கைப் பயிற்சியின் விவரங்கள் இதில்தான் உள்ளன" என்று சொல்லி நீட்டிவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடலாம்.